கண் இடம் காட்டட்டும், கட்டைவிரல் அழுத்தட்டும்: கை அசைவு குறைந்தவருக்குக் கணினி அமைப்பது எப்படி

மவுஸை ஒரே கருவி என்று நினைத்துப் பழகிவிட்டோம். அது செய்வது இரண்டு வேலை. திரையில் எங்கே என்று காட்டுவது ஒன்று, இப்போது என்று சொல்வது இன்னொன்று. கை நன்றாக இருக்கும்வரை இரண்டும் ஒன்றாகவே நடக்கும், பிரித்துப் பார்க்கத் தோன்றாது. கை ஒத்துழைக்காமல் போகும்போது முதலில் செய்ய வேண்டியது இவற்றைப் பிரிப்பதுதான்.

ஸ்விட்ச், கண் தடமறியும் கருவி, குரல் ஆகிய மூன்றையும் இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். கண் 'எங்கே' என்பதை மின்னல் வேகத்தில் காட்டும். 'இப்போது' என்பதைச் சொல்ல அதற்கு நம்பகமான வழி கிடையாது. ஸ்விட்ச் 'இப்போது' என்பதைத் துல்லியமாகச் சொல்லும். எங்கே என்று காட்ட அதனால் முடியாது. குரல் பத்தி பத்தியாக எழுதிக் கொட்டும். ஓர் ஐகான்மேல் அம்பைக் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னால் திணறும். எது சிறந்தது என்று கேட்டு ஒன்றை மட்டும் வாங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இதனால்தான். மூன்றையும் கோத்து ஓர் அமைப்பு செய்வதை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு நான் உட்கார்ந்து அமைத்துக் கொடுத்த ஒருவரையே எடுத்துக்கொள்கிறேன். இருபத்தெட்டு வயது, தசைச் சிதைவு நோய். மொழிபெயர்ப்பு வேலை செய்கிறார். வலது கட்டைவிரல் உள்பக்கமாக நாலைந்து மில்லிமீட்டர் நகரும். கையில் மிச்சமிருக்கும் அசைவு அவ்வளவுதான். கண்ணாடி போடுகிறார், பார்வை தெளிவு. காலையில் குரல் நன்றாக வரும், மாலையில் சுவாசக் கருவி மாட்டியதும் தாழ்ந்துவிடும். அவரை இனி தம்பி என்றே சொல்கிறேன், அப்படித்தான் கூப்பிடுவேன்.

முதலில் அசைவைத் தேடுங்கள், கருவியை அல்ல

ஸ்விட்ச் வாங்கிவிட்டு அதை எங்கே வைப்பது என்று யோசிப்பது தலைகீழ் வேலை. எந்த அசைவு நம்பகமானது என்பது முதலில் தெரிய வேண்டும். கட்டைவிரல், கன்னம், புருவம், முழங்கால், பாதம், தலையைப் பக்கவாட்டில் சாய்ப்பது என்று எதுவானாலும் சரி. பெரிய அசைவு தேவையில்லை. நினைத்தபோது வர வேண்டும், நினைக்காதபோது வரக் கூடாது.

பலரும் கவனிக்காமல் விடுவது, அழுத்திய பிறகு விடுவிப்பது. தசை இறுக்கம் உள்ளவர்களுக்கு அழுத்துவது எளிது, விரலைத் திரும்ப எடுப்பதுதான் பாடு. அழுத்தின விரல் இரண்டு வினாடி அங்கேயே ஒட்டிக்கொண்டால் அந்த அசைவு ஸ்விட்சுக்கு உதவாது. பார்க்க எவ்வளவு வலுவாக இருந்தாலும் உதவாது.

சோதனை எளிது. அவர் கணினி பார்க்கும் அதே இருக்கையில், அதே சாய்மானத்தில் உட்காரட்டும். நீங்கள் விட்டுவிட்டு "இப்போ" என்று சொல்லுங்கள், அவர் அசைக்கட்டும். இருபது தடவை. எத்தனை தவறியது, சொல்லாமலே எத்தனை வந்தது என்று இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். மாலையில் களைத்த பிறகு இன்னொரு இருபது. தம்பிக்குக் கட்டைவிரலில் காலையில் ஒன்றுகூடத் தவறவில்லை, மாலையில் இரண்டு தவறின. புருவத்தில் காலையிலேயே நான்கு தானாக வந்தன, பேசும்போதெல்லாம் புருவம் ஏறுகிறது. அதனால் கட்டைவிரல். மாலைக் கணக்கை எடுக்காமல் முடிவு செய்தால் காலை பத்து மணிக்கு மட்டும் வேலை செய்யும் அமைப்புதான் கிடைக்கும்.

ஸ்விட்சும் அதன் இணைப்பும்

உதவி ஸ்விட்சுகளில் பெரும்பாலானவை 3.5 மி.மீ. மோனோ பிளக்கோடு வரும், பழைய ஹெட்போன் பின் மாதிரி. உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை, அழுத்தினால் இரண்டு கம்பிகள் சேரும். அதைக் கணினிக்குப் புரியவைக்க நடுவில் ஒரு இன்டர்ஃபேஸ் பெட்டி வேண்டும். யூஎஸ்பியிலோ ப்ளூடூத்திலோ இணையும் அந்தப் பெட்டி, தன்னை ஒரு கீபோர்டு என்று கணினியிடம் சொல்லிக்கொண்டு, ஒவ்வோர் அழுத்தத்துக்கும் `Space`, `Enter`, `F9` என்று ஏதாவது ஒரு விசையை அனுப்பும். எந்த விசை என்பதைப் பெட்டியிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

வலு குறைவாகவும் தூரம் குறைவாகவும் உள்ள அசைவுக்குச் சில கிராம் எடையிலேயே அழுந்தும் மெல்லிய ஸ்விட்ச் வேண்டும். உள்ளங்கை அளவு பெரிய பொத்தான் தலைக்கோ முழங்காலுக்கோ சரி, கட்டைவிரலுக்கு அது மலை. மெல்லிய ஸ்விட்சில் ஒரு சிக்கல் உண்டு: கை அதன்மேல் ஓய்வாகக் கிடந்தாலே அழுந்திவிடும். விரல் ஓய்வு நிலையில் இருக்கும்போது ஸ்விட்சுக்கும் விரலுக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி தெரிய வேண்டும். தம்பிக்கு அதை அமைக்க எங்களுக்கு முழு மதியமும் ஆனது. கடைசியில் கையைத் தாங்க ஒரு மெத்தைத் துண்டு, ஸ்விட்சைப் பிடிக்க ஒரு வளையும் கம்பித் தண்டு. வெறும் டேப் போட்டு ஒட்டியிருந்தால் மறுநாளே நகர்ந்திருக்கும்.

இணைத்ததும் ஒரு வெற்று டெக்ஸ்ட் கோப்பைத் திறந்து, பெட்டியை `Space` அனுப்பும்படி வைத்து, பத்து தடவை அழுத்தச் சொல்லுங்கள். பத்து இடைவெளிகள் விழுந்தால் சரி. பதிமூன்று விழுந்தால் விரல் நடுங்கி ஒரே அழுத்தம் இரண்டாகப் பதிகிறது என்று பொருள். அப்போது பெட்டியிலோ, விண்டோஸின் `Filter keys` அமைப்பிலோ, ஐபேடில் `Ignore Repeat` என்பதிலோ, அடுத்தடுத்து வரும் அழுத்தத்தைப் புறக்கணிக்கச் சொல்லலாம். அரை வினாடியில் தொடங்கி, அமைப்பு இடம் கொடுத்தால் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

ஸ்கேனிங்: வேகத்தை ஊகிக்காமல் அளந்து வைப்பது

ஒற்றை ஸ்விட்சை மட்டும் வைத்துக்கொண்டு எழுதும் முறைக்கு ஸ்கேனிங் என்று பெயர். திரையில் எழுத்துப் பலகை ஒன்று இருக்கும். ஒளிப்பட்டை ஒவ்வொரு வரிசையாக இறங்கும். வேண்டிய வரிசை வந்ததும் ஒரு அழுத்து. பிறகு அந்த வரிசைக்குள் ஒவ்வொரு கட்டமாக நகரும். வேண்டிய எழுத்தில் இன்னொரு அழுத்து. விண்டோஸில் `osk` என்று தட்டினால் வரும் திரைக் கீபோர்டின் `Options` உள்ளே `Scan through keys` என்று இருக்கிறது. மேக்கிலும் ஐபேடிலும் `Switch Control`, ஆண்ட்ராய்டில் `Switch Access`.

இதில் எல்லாமே ஒளி நகரும் வேகத்தில் இருக்கிறது. அதைப் பெரும்பாலோர் கண்ணளவில் வைக்கிறார்கள். வேகம் அதிகமானால் தவறு, குறைந்தால் அலுப்பு. நல்லவேளையாக இதற்கு ஆராய்ச்சியில் தேறிய ஒரு எளிய விதி உண்டு. ஒளி வந்ததிலிருந்து ஒருவர் அழுத்த எடுத்துக்கொள்ளும் சராசரி நேரத்தை 0.65 ஆல் வகுத்தால் வருவதுதான் ஒளி ஒரு கட்டத்தில் தங்க வேண்டிய நேரம். அதாவது அவருடைய சராசரி நேரம், ஒளி தங்கும் நேரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். மிச்சம் உள்ளது தடுமாற்றத்துக்கான இடம்.

சராசரியை எடுக்க ஸ்டாப்வாட்ச் வேண்டாம். பெட்டியை `Enter` அனுப்பும்படி வைத்துவிட்டு இந்தச் சிறிய பைத்தான் நிரலை ஓட்டுங்கள். நட்சத்திரக் குறி தெரிந்ததும் அவர் அழுத்தட்டும்.

```python
import time, random
t = []
for i in range(10):
    time.sleep(random.uniform(2, 5))
    print("*", flush=True)
    s = time.perf_counter()
    input()
    d = time.perf_counter() - s
    print(round(d, 2))
    t.append(d)
print(round(sum(t) / len(t), 2))
```

எந்த எண்ணாவது 0.1க்குக் கீழே வந்தால் அது குறி தெரியும் முன்பே விழுந்த அழுத்தம். அந்தச் சுற்றை விட்டுவிட்டு மறுபடி ஓட்டுங்கள். தம்பிக்கு வந்த பத்து எண்கள்: 0.71, 0.84, 0.78, 0.69, 0.92, 0.75, 0.80, 0.73, 0.88, 0.70. சராசரி 0.78 வினாடி. 0.65 ஆல் வகுத்தால் 1.2 வினாடி. அதற்கு முன்னால் யாரோ அவருக்கு 2 வினாடி வைத்துக் கொடுத்திருந்தார்கள், பாவம்.

வேகத்தை வைத்த பிறகு தவறுகளைக் கவனியுங்கள், அவை பேசும். வேண்டிய எழுத்துக்கு அடுத்த எழுத்தே திரும்பத் திரும்ப விழுந்தால் ஒளி அவருக்கு வேகம் அதிகம். முந்தைய எழுத்து விழுந்தால் பெரும்பாலும் ஒளி மெதுவாக இருக்கிறது. காத்திருந்து காத்திருந்து முந்திக்கொள்கிறார். முதல் கட்டத்தை மட்டுமே தவறவிட்டால் வேகத்தில் குறையில்லை: வரிசையைத் தேர்ந்த அழுத்தத்திலிருந்து விரல் மீள்வதற்குள் முதல் கட்டம் போய்விடுகிறது. அதற்கென்றே ஐபேடில் `Pause on First Item` இருக்கிறது. அங்கே முக்கால் வினாடி கூட்டினால் போதும், மொத்த வேகத்தையும் குறைக்க வேண்டாம். தவறுகள் எந்த ஒழுங்கும் இல்லாமல் சிதறி விழுந்தால் மென்பொருளை விட்டுவிட்டு ஸ்விட்ச் இருக்கும் இடத்தைப் பாருங்கள்.

அப்புறம் பலகை. தமிழ் 247 எழுத்து என்றதும் மலைக்க வேண்டாம். தமிழ்99 கீபோர்டு வழியில் உயிர் பன்னிரண்டு, மெய் வரிசை பதினெட்டு, ஒரு புள்ளி இருந்தால் உயிர்மெய் எல்லாம் சேர்க்கையில் வந்துவிடும். ஆறுக்கு ஆறு கட்டத்தில் அடங்கும்: உயிர் இரண்டு வரிசை, மெய் மூன்று வரிசை, கடைசி வரிசையில் புள்ளி, இடைவெளி, ஆய்தம், அழிக்க என்று.

பார்க்க அழகாக இருக்கும் இந்த அகரவரிசைப் பலகையில் 'மரம்' என்று எழுதிப் பார்ப்போம். ம நான்காம் வரிசையில் நான்காம் கட்டம், எட்டு நகர்வு. ர அதே வரிசையில் ஆறாம் கட்டம், பத்து நகர்வு. மறுபடி ம, எட்டு. புள்ளி ஆறாம் வரிசையில் முதல் கட்டம், ஏழு. மொத்தம் 33 நகர்வு, 1.2 வினாடி வீதம் கிட்டத்தட்ட 40 வினாடி. ஒரு மரத்துக்கு!

இப்போது அடிக்கடி வரும் எழுத்துகளை இடது மேல் மூலைக்கு இழுங்கள். தமிழில் புள்ளி வராத வரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், அதனால் அது முதல் வரிசை முதல் கட்டத்துக்கு வரட்டும், இரண்டே நகர்வு. ம, ர இரண்டையும் வரிசையும் கட்டமும் கூட்டினால் ஐந்து வரும் இடங்களில் வையுங்கள். 5, 5, 5, 2 என்று மொத்தம் 17 நகர்வு, சுமார் 20 வினாடி. விரல் அதே விரல், வேகம் அதே வேகம், நேரம் பாதியாகிவிட்டது. ங, ஞ, ஔ போன்றவை கீழ் வலது மூலைக்குப் போகட்டும். விண்டோஸின் திரைக் கீபோர்டில் விசைகளை இப்படி இடம் மாற்ற முடியாது. மேக்கில் `Panel Editor` கொண்டு சொந்தப் பலகை செய்யலாம். விண்டோஸில் கட்டங்களை நாமே வரையக்கூடிய தனி மென்பொருள் வேண்டும்.

இவ்வளவு செய்தும் ஒரு சொல்லுக்கு இருபது வினாடி. மொழிபெயர்ப்பு வேலைக்கு இது போதாது. ஸ்விட்சிடம் நாம் 'எங்கே' என்ற வேலையையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம், அதுதான் காரணம். அந்த வேலையைக் கண்ணிடம் மாற்றுவோம்.

கண்: காட்டுவதில் கெட்டி, முடிவெடுப்பதில் குழப்பம்

கண் தடமறியும் கருவி ஒரு மெல்லிய பட்டை, திரையின் கீழ் விளிம்பில் ஒட்டப்படும். அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை முகத்தின்மேல் வீசும். விழிவெண்படலத்தில் அந்த ஒளி ஒரு சிறு புள்ளியாகப் பிரதிபலிக்கும். கண்மணியின் மையத்துக்கும் அந்தப் புள்ளிக்கும் உள்ள இடைவெளியைக் கேமரா பார்த்து, பார்வை திரையில் எங்கே விழுகிறது என்று கணக்கிடும். இந்த இரண்டில் எதை மறைத்தாலும் கருவி குருடாகிவிடும்: தொங்கும் இமை, கண்ணாடியில் விழும் பளபளப்பு, ஜன்னல் வழியே வரும் நேரடி வெயில். வெயிலில் அகச்சிவப்பு நிறைய இருப்பதால் பக்கத்து ஜன்னலில் திரை போட்டாலே பாதிச் சிக்கல் தீரும்.

வைக்கும் முறை இதுதான். கண்ணிலிருந்து திரைக்கு 60 முதல் 65 செ.மீ., ஏறக்குறைய ஒரு கை நீளம். முகமும் திரையும் இணையாக இருக்க வேண்டும். அவர் சாய்ந்து படுத்திருந்தால் திரையும் அதே அளவு சாய வேண்டும். மேசைமேல் நேராக நிற்கும் மானிட்டரைப் படுத்திருப்பவர் பார்த்தால் கண்மணியை இமை பாதி மூடிவிடும். அப்புறம் கேலிப்ரேஷன்: திரையில் தோன்றும் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கண்ணாடி போடுபவர் கண்ணாடியோடுதான் இதைச் செய்ய வேண்டும்.

இதன் துல்லியத்தில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். நல்ல நிலைமையில் பிழை அரைப் பாகையிலிருந்து ஒரு பாகைவரை. 65 செ.மீ. தூரத்தில் ஒரு பாகை என்பது 1.1 செ.மீ. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தவறலாம் என்பதால், கண்ணால் தொட வேண்டிய பொத்தான் இரண்டேகால் செ.மீ. அகலமாவது இருக்க வேண்டும். 24 அங்குலத் திரையில் ஒரு ஜன்னலை மூடும் பெருக்கல் குறிப் பொத்தான் சுமார் 1.3 செ.மீ. அகலம், உயரமோ ஒரு செ.மீ. கூட இல்லை. கண் சரியாகத்தான் பார்க்கிறது, பொத்தான்தான் சிறியது. கருவியைத் திட்டும் முன் விண்டோஸின் `Scale` அமைப்பை 175 சதவீதம் ஆக்கிப் பாருங்கள்.

அம்பு தடம் மாறும்போது எப்படி மாறுகிறது என்பதையும் கவனியுங்கள். திரை முழுக்க ஒரே திசையில், ஒரே அளவு தள்ளி விழுந்தால் அவர் இருக்கையில் சரிந்திருக்கிறார். நிமிர்த்திவிட்டுப் பாருங்கள், உடனே கேலிப்ரேஷனுக்கு ஓட வேண்டாம். ஏதோ ஒரு மூலையில் மட்டும் தவறினால் திரை அந்தக் கருவிக்குப் பெரிது, அல்லது கோணம் சரியில்லை. முதலில் நன்றாக இருந்து, போகப் போகத் தாவினால் கண் காய்ந்துவிட்டது. திரையை உற்றுப் பார்ப்பவர்கள் இமைப்பது குறைந்துவிடும். "கண்ணு எரியுதுண்ணா" என்று தம்பி சொன்னது முக்கால் மணி நேரத்தில். இப்போது அரை மணிக்கு ஒருமுறை கருவியை நிறுத்திக் கண்ணை மூடிக்கொள்கிறார்.

சரி, கிளிக்? கண் மட்டும் இருந்தால் வழக்கமான வழி உற்றுப் பார்ப்பது: ஓர் இடத்தில் முக்கால் வினாடி, ஒரு வினாடி பார்வை நின்றால் அது கிளிக் என்று எடுத்துக்கொள்ளப்படும். தொல்லை இங்கேதான். படிப்பதற்கும் கண், யோசிக்கும்போது வெறித்துப் பார்ப்பதற்கும் கண், கிளிக்குக்கும் அதே கண். ஒரு மின்னஞ்சலின் தலைப்பை நிதானமாகப் படித்தால் அது திறந்துகொள்ளும். 'அழி' என்ற பொத்தானை இது என்ன என்று பார்த்தால் அழிந்துவிடும். தொட்டதெல்லாம் பொன்னான மைடாஸ் ராஜாவின் பெயரால் இந்தச் சிக்கலை மைடாஸ் தொடுதல் என்பார்கள். காத்திருப்பு நேரத்தைக் கூட்டினால் தவறு குறையும், வேகமும் குறையும். ஒரே ஓர் அசைவாவது உடம்பில் மிச்சமிருந்தால் இந்தச் சமரசமே தேவையில்லை. கண் காட்டட்டும், விரல் அழுத்தட்டும்.

இரண்டையும் கோப்பது

இன்டர்ஃபேஸ் பெட்டியை நேரடியாக இடது மவுஸ் கிளிக் அனுப்பும்படி வைத்தாலே வேலை நடக்கும். ஆப்டிகீ என்ற இலவச மென்பொருளை வைத்திருந்தால் அதன் அமைப்பிலேயே தேர்வு செய்யும் வழியாக உற்றுப் பார்த்தலுக்குப் பதில் ஒரு விசையைக் கொடுக்கலாம். எங்களுக்கு ஒரே ஸ்விட்சில் இரண்டு வேலை வேண்டியிருந்தது: சின்ன அழுத்தம் கிளிக், நீண்ட அழுத்தம் மைக். அதனால் பெட்டியை `F9` அனுப்ப வைத்து, விசைகளின் வேலையை மாற்றி எழுத உதவும் ஆட்டோஹாட்கீயில் இப்படி எழுதினோம்.

```
#Requires AutoHotkey v2.0
CoordMode "Mouse", "Screen"
F9::
{
    MouseGetPos &x, &y
    if KeyWait("F9", "T0.6")
        Click x, y
    else
    {
        Send "^+s"
        KeyWait "F9"
    }
}
```

0.6 வினாடிக்குள் விட்டால் கிளிக், அதற்கு மேல் பிடித்திருந்தால் `Ctrl+Shift+S`. அந்த விசை எதற்கு என்பது குரல் பகுதியில் வரும்.

முதல் தடவை எழுதியபோது `MouseGetPos` வரி கிடையாது, வெறும் `Click` மட்டும்தான். பத்துக்கு மூன்று கிளிக் பக்கத்துப் பொத்தானில் விழுந்தது. கேலிப்ரேஷன் செய்தோம், ஒளியை மாற்றினோம், பயனில்லை. பிறகு தம்பியின் கண்ணையும் விரலையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் பிடிபட்டது. சின்ன அழுத்தமா நீண்ட அழுத்தமா என்று தெரிய, விரலை எடுக்கும்வரை நிரல் காத்திருக்க வேண்டும். விரல் அழுத்தி மேலே வருவதற்குள் கண் அடுத்த இடத்துக்குப் போய்விட்டது. வேலை முடிந்தது என்று மனம் நினைத்த கணமே கண் கிளம்பிவிடும், விரலுக்காக அது காத்திருப்பதில்லை. அழுத்திய நொடியில் அம்பு எங்கே இருந்தது என்று குறித்து வைத்துக்கொண்டு அங்கேயே கிளிக் செய்யச் சொன்னதும் தவறு பெரும்பாலும் மறைந்தது. மிச்சம் இருந்தவை விரல் கீழே போகும் முன்பே கண் கிளம்பியவை. அதற்கு நிரலில் மருந்தில்லை, பழக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு வாரத்தில் குறைந்தது.

குரல்: எழுத்துக்கு மட்டும்

குரலில் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கணினியை ஓட்டும் கட்டளை ஒன்று, சொல்வதை எழுதிக்கொள்வது இன்னொன்று.

விண்டோஸ் 11இல் `Voice access`, மேக்கில் `Voice Control` இரண்டும் கட்டளை ஓட்டுபவை. தமிழில் கட்டளை கொடுக்க முடியாது. ஆனால் அதற்கு ஆங்கிலம் சரளமாக வர வேண்டியதில்லை. `Show numbers` என்றால் திரையில் உள்ள ஒவ்வொரு பொத்தானுக்கும் ஓர் எண் ஒட்டிக்கொள்ளும், `Click 14` என்றால் பதினான்காம் பொத்தான் அழுந்தும். எண் ஒட்டாத இடத்துக்கு `Show grid`: திரை கட்டங்களாகப் பிரியும், கட்டத்தின் எண்ணைச் சொல்லச் சொல்ல அது சுருங்கிக்கொண்டே போகும். எண்களும் நாலைந்து கட்டளைகளும் தெரிந்தால் அன்றாட வேலை ஓடிவிடும். கையோ விரலோ அறவே அசையாதவருக்கு, குரல் மட்டும் நன்றாக இருந்தால், இதுவே முழு வழி. தம்பிக்குக் கண்ணும் விரலும் இருப்பதால் கட்டளைக் குரலை நாங்கள் வைக்கவில்லை. அவருக்கு வேண்டியது எழுதிக்கொள்ளும் குரல்.

கூகுள் டாக்ஸின் `Voice typing` தமிழைக் கேட்டு எழுதும். குரோமில் ஆவணத்தைத் திறந்து `Ctrl+Shift+S` அடித்தால் மைக் தொடங்கும், மறுபடி அடித்தால் நிற்கும். ஸ்விட்சின் நீண்ட அழுத்தத்துக்கு அந்த விசையைக் கொடுத்தது இதற்காகத்தான். முதல் தடவை மைக் பெட்டிக்கு மேலே மொழியைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மைக்கை நிறுத்த எளிய வழி இல்லையென்றால், யாராவது அறைக்குள் வந்து பேசுவது முழுவதும் ஆவணத்தில் ஏறிவிடும். ஒருநாள் சட்டப் பத்திரம் ஒன்றின் நடுவே "அந்த ஃபேனை நிறுத்து" என்று ஒரு வரி இருந்தது.

மைக் வாயோரத்தில், உதட்டிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. தள்ளி, மூச்சுக்காற்று நேரே படாத பக்கமாக இருக்க வேண்டும். மேசை மைக்கானால் சுவாசக் கருவியின் சத்தத்தையும் சேர்த்துக் கேட்கும். முற்றுப்புள்ளி, காற்புள்ளி இவற்றைத் தமிழில் வாயால் சொல்லிப் போட முடியாது. அவற்றுக்கென்று பெரிய கட்டங்களைத் திரைப் பலகையில் வைத்துவிட்டோம். தம்பி ஒரு பத்தியை மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, மைக்கை நிறுத்தி, கண்ணால் தவறான சொல்லைப் பார்த்து, விரலால் இருமுறை அழுத்தித் தேர்ந்து, அந்தச் சொல்லை மட்டும் மறுபடி சொல்கிறார். ழகர ளகரக் குழப்பமும் பெயர்ச்சொற்களும் என்றால் சொல்லிப் பார்ப்பதோடு நிற்காமல் பலகையில் எழுதிவிடுகிறார். மாலையில் குரல் தாழ்ந்த பிறகு மைக்கை மாட்டுவதே இல்லை. கண்ணும் விரலும் பலகையும்தான். மெதுவாகத்தான் போகும், காலையில் எழுதியதைத் திருத்த அது போதும்.

கணினியை நம்பாத ஒரு மணி

எல்லாவற்றுக்கும் பிறகு ஒன்று. கணினி உறைந்துவிட்டால், மின்சாரம் போனால், கண் கருவி முகத்தைத் தொலைத்துவிட்டால், இவருக்கு ஆளைக் கூப்பிட வழி இருக்கிறதா? கணினி வழியாகவே அழைக்கும் ஏற்பாடு அந்த நேரத்தில் பயன்படாது. பேட்டரியில் ஓடும் தனி அழைப்பு மணி ஒன்று, தனக்கென்று தனி ஸ்விட்சோடு இருக்க வேண்டும். தம்பிக்குத் தலையணையின் ஓரத்தில், தலையை இடப்பக்கம் சாய்த்தால் படும்படி ஒரு பெரிய பொத்தான் வைத்தோம். அதைத் தினமும் காலையில் ஒருமுறை அழுத்திப் பார்க்கிறார்கள்.

உதவிக்கு வருபவர் மாறினாலும் அமைப்பு மாறாமல் இருக்க, சக்கர நாற்காலியின் முன்சக்கரம் நிற்கும் இடத்தில் தரையில் டேப், மானிட்டர் தண்டில் உயரத்துக்கு ஒரு கோடு, கை மெத்தையின் ஓரத்துக்கு ஒரு கோடு. சுவரில் ஒரு தாள்: ஒளி 1.2 வினாடி, நீண்ட அழுத்தம் 0.6, திரைக்கு 63 செ.மீ. கீழே கைப்பேசியில் எடுத்த ஒரு படம், கட்டைவிரலும் ஸ்விட்சும் இடைவெளியும் தெரியும்படி. நூறு வார்த்தை விளக்கத்தைவிட அந்தப் படம்தான் உதவுகிறது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பைத்தான் நிரலை மறுபடி ஓட்டுகிறோம். இந்த நோயில் விரல் மெல்ல மெல்லத் தளரும். போன தடவை சராசரி 0.78 இலிருந்து 1.1 ஆகியிருந்தது, அதாவது ஒளி 1.7 வினாடி நிற்க வேண்டும். "வேகத்தைக் குறைச்சிடலாமா, இல்ல இடத்தை மாத்திடலாமா?" என்று கேட்டேன். "கன்னத்தைப் பாத்துடலாம்ண்ணா, அது இன்னும் நல்லாத்தான் இருக்கு" என்றார். அன்றைக்குக் காலையில் இருபது, மாலையில் இருபது எண்ணினோம். கன்னத்தில் மாலையில்கூட ஒன்றுதான் தவறியது. ஸ்விட்ச் கன்னத்துக்குப் போயிற்று. பலகை, நிரல், தரை டேப் எதையும் தொடவில்லை. சுவர்த் தாளில் படத்தை மட்டும் மாற்றி ஒட்டினோம்.